மூன்று ஷிப்டுக்கு ஓர் ஆய்வுத் திட்டம்

ஒரகடத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டால் ஒவ்வொரு நாளையும் ஷிப்டாகத்தான் எண்ண வரும். விடிந்தால் ஏ, மதியம் தாண்டினால் பி, ஊர் அடங்கினால் சி. கார்களுக்கு உடல்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப்பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். வேலையை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.இ. சேர்ந்தபோது கம்பெனியின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். ஷிப்டை மட்டும் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

மூன்றாவது செமஸ்டரை ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்க எங்கள் துறையில் ஒரு இடம் கிடைத்தது. அது எனக்கு வந்தது. ஆனால் வந்தது முக்கால் இடம்தான். அங்கே என்ன ஆய்வு செய்யப்போகிறேன் என்று ஒரு திட்டம் எழுதி அனுப்ப வேண்டும், அங்குள்ள ஆய்வகம் அதை ஒப்புக்கொண்டால்தான் மீதிக் கால் இடம். ஒப்புக்கொள்ளாவிட்டால் இங்கேயே உட்கார்ந்து தேர்வெழுத வேண்டியதுதான்.

என்ன ஆய்வு என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இரண்டு தகடுகளைச் செம்பு முனைகளுக்கு நடுவே அழுத்தி மின்சாரம் பாய்ச்சினால் உள்ளே பொட்டளவு உருகி ஒட்டிக்கொள்ளும். அதுதான் ஸ்பாட் வெல்டிங். ஒரு காரில் ஆயிரக்கணக்கில் அந்தப் பொட்டுகள் இருக்கும். நாங்கள் உளி வைத்துத் தட்டிப் பார்ப்போம், பிரித்துப் பார்ப்போம், எல்லாம் சரியாக இருக்கும். பிறகு எங்கோ ஒரு வண்டி வருடக்கணக்கில் குலுங்கி ஓடிய பிறகு ஒரு பொட்டு விட்டுப்போகும், அந்தத் துண்டு எங்கள் மேஜைக்குத் திரும்பி வரும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. காரணம் என்ற கட்டத்தில் ஏதாவது எழுதி மூடுவோம். அந்த ஏன் எனக்கு வேண்டியிருந்தது.

அதைக் கண்டுபிடிக்க ஒட்டிய தகடுகளை ஒரு இயந்திரத்தில் மாட்டி விடாமல் ஆட்ட வேண்டும். நொடிக்கு முப்பது முறை ஆட்டினாலும், குறைந்த சுமையில் ஒரு மாதிரித் துண்டு ஒரு கோடி ஆட்டத்தைத் தாங்குகிறதா என்று பார்க்க, நிறுத்தாமல் ஓடினால் ஏறக்குறைய நான்கு நாள் ஆகும். இப்படி வெவ்வேறு சுமையில் நிறைய மாதிரிகள். அதோடு நான் மூன்று தடிமன் வேறு எடுத்துக்கொண்டேன். ஆசைக்கு அளவு வேண்டாமா என்று யாராவது கேட்டிருந்தால் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

ஆனால் கேட்க யாரும் இல்லை. வடக்குப்பட்டில் ஒரு மாடி அறையில் இருந்தேன். கூட இருந்தவள் கல்யாணமாகி மறைமலை நகருக்குப் போய்விட்டாள். அவள் கட்டில் மட்டும் இருந்தது, அதன்மேல் என் புத்தகங்கள் இருந்தன. தூத்துக்குடியில் இருந்து அம்மா போனில் சாப்பிட்டாயா என்று கேட்பாள், சாப்பிட்டேன் என்பேன், பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. கீழ்வீட்டில் வீட்டுக்கார அக்கா மட்டும் நான் லேப்டாப் பையோடு படி ஏறும்போதெல்லாம் ஒரு வார்த்தை போடுவார். "இன்னா பாப்பா, எப்பப் பாத்தாலும் அந்தப் பொட்டியயே கட்டிக்கினு கீற?" என்பார். படிப்பு அக்கா என்று சொல்லிவிட்டு நிற்காமல் ஏறிவிடுவேன்.

அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்து திட்டம் போட்டேன். வாரங்களைக் குறுக்கே போட்டு, ஒவ்வொரு நாளையும் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தேன். ஏ-யில் மாதிரி தயாரிப்பு, பி-யிலும் சி-யிலும் இயந்திர ஓட்டம், நடுநடுவே அளவெடுப்பு. ஞாயிற்றுக்கிழமையையும் விடவில்லை. ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லாமல் அது அழகாக இருந்தது. உண்மையாகவே அழகாக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது.

என் வழிகாட்டி மேடம் மென்மையானவர். திட்டத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா இருக்கும்மா. ஆனா அங்க மெஷின் எத்தனை நாள் குடுப்பாங்கன்னு கேட்டியா?" என்றார்.

"இங்க விட அங்க வசதி அதிகம்தானே மேடம்?" என்றேன்.

"வசதி அதிகம்னா ஆளும் அதிகம். நம்ம இழுத்துப் பாக்குற டென்சைல் மெஷினயே பி.இ. பசங்க பிராக்டிகல் வந்தா உனக்குக் குடுக்க முடியல. முதல்ல அவங்ககிட்ட வீடியோ கால்ல பேசு."

வீம்புக்காகத் திட்டத்தை அப்படியே அனுப்பிவிட்டுத்தான் பேசினேன். மறுமுனையில் அந்த ஆய்வகத்தின் பொறுப்பாளர், நரைத்த தாடி, நிதானமான ஆங்கிலம். திட்டத்தைத் திரையில் திறந்து வைத்திருந்தார். முதல் கேள்வியிலேயே நான் மாட்டிக்கொண்டேன்.

"ஒருவருக்குத்தான் இடம் என்று நினைத்தேன். ஏ, பி, சி என்று மூன்று பேர் போட்டிருக்கிறீர்களே, மற்ற இருவர் யார்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே மூன்று மாணவர்கள் வருகிறோம் என்று நினைத்துவிட்டார். அவை ஷிப்ட், மூன்றும் நான்தான் என்று விளக்கினேன். அவர் திரையில் என் கட்டங்களை மறுபடி பார்த்தார். பிறகு, "நீங்கள் எப்போது தூங்குவீர்கள்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக என் கட்டங்களை அழித்தது. அந்த இயந்திரம் முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பங்கிடப்பட்டது, வெளியில் இருந்து வருபவருக்கு வாரம் ஒரு பகல்தான். ஆய்வகம் மாலையில் மூடும். பொறுப்பான ஆள் இல்லாமல் ஓடவிட எனக்கு அனுமதி கிடையாது. வந்தவுடன் பாதுகாப்புப் பயிற்சி, அது முடியாமல் எதையும் தொடக் கூடாது. மாதிரி வெட்டப் பட்டறையில் வாரக்கணக்கில் வரிசை. நடுவில் கிறிஸ்துமஸுக்கு மொத்தக் கட்டடத்துக்கும் பூட்டு. ஒரு பகலில் ஒரு கோடி ஆட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது, இது எனக்கே கணக்குத் தெரியும்.

"அந்த இயந்திரமே பழுதாகி மூன்று வாரம் நின்றால் உங்கள் கையில் என்ன இருக்கும்?" என்று கடைசியாகக் கேட்டார்.

ஒன்றும் இருக்காது என்று சொன்னேன்.

"அப்படியென்றால் வேறு திட்டம் அனுப்புங்கள். சிறியதாக இருக்கட்டும். எங்கள் மாணவர் ஒருவர் இதே வகை எஃகில் ஆட்டிப் பார்த்த தரவு இருக்கிறது, வேண்டுமானால் அதை உங்களுக்குத் தருகிறோம்" என்றார். புதுத் திட்டம் அடுத்த மாதத்துக்குள் வந்துசேர வேண்டும் என்றும் சொன்னார். அழைப்பு துண்டிக்கப்பட்ட பிறகு திரையில் என் முகம் மட்டும் இருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதால் அது இன்னும் கூடியது.

இரண்டு நாள் திட்டத்தைத் திறக்கவே இல்லை. பிறகு மேடத்திடம் போய் நின்றேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை நடுவில் மடித்து, "இங்க முடிக்க முடியறது இந்தப் பக்கம், அங்க மட்டுமே முடியறது அந்தப் பக்கம். அவ்ளோதான்" என்றார்.

அப்படி எழுதியதும் ஆய்வு தானே இளைத்தது. மூன்று தடிமன் ஒன்றானது. வெல்ட் செய்வது, இழுத்து உடைத்துப் பலம் பார்ப்பது, குறுக்கே வெட்டி ரெசின் என்னும் பிசினில் பதித்து மெருகேற்றுவது, இவையெல்லாம் கிளம்புவதற்குள் இங்கேயே முடியும். பி.இ. பிராக்டிகல் இல்லாத வாரத்தில் இயந்திரம் எனக்கு என்று மேடம் ஆய்வகத்தில் சொல்லி வைத்தார். அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். பொட்டின் நடுவில் இருந்து வெளியே வரை எங்கே கெட்டி, எங்கே இளக்கம் என்று நுண்ணளவில் குத்திப் பார்க்கும் தானியங்கிக் கருவி அங்கே இருக்கிறது, எங்களிடம் இல்லை. மாதிரிக்கு அரைப் பகல் போதும். அந்த இளக்கமான வட்டத்தை அவர்களுடைய மாணவரின் தரவோடு ஒப்பிட்டு, விரிசல் அங்கிருந்துதான் புறப்படுகிறதா என்று பார்க்கலாம். கருவி பழுதானாலும் இழுத்துப் பார்த்த முடிவுகளும் அந்தத் தரவும் கையில் இருக்கும். ஏன் என்ற கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. ஆனால் செமஸ்டர் முடியும்போது கையில் ஏதோ ஒன்று நிச்சயமாக இருக்கும்.

புதிய கட்டங்களை வரைந்தேன். வாரத்தில் ஒரு நாள் கருவி, ஒன்றிரண்டு நாள் கணக்கும் எழுத்தும், சில வகுப்புகள். மற்றதெல்லாம் வெள்ளை. சனிக்கிழமை வெள்ளை, ஞாயிறு வெள்ளை, கிறிஸ்துமஸ் முழுக்க வெள்ளை. தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊரில் நான்கைந்து மாதம் இந்த வெள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

அப்போது பழையது ஒவ்வொன்றாக விளங்கியது. கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலைக்கு, ஓ.டி.க்கு, ஆள் வேண்டும் என்றால் முதலில் கை தூக்குவது நான்தான். சூப்பர்வைசர் என்னை உழைப்பாளி என்று எல்லோர் முன்னாலும் பாராட்டுவார். வாலாஜாபாத்தில் தேவாலயத்துக்குப் போனால் ஆராதனை முடிந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்கள், நான் செருப்பைத் தேடுகிற பாவனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தனியாகப் பேருந்து ஏறுவேன். அதைவிடக் கம்பெனி லைனில் நிற்பது எவ்வளவோ மேல் என்றிருந்தது. ஜெர்மனிக்குப் போட்ட திட்டத்திலும் அதையே செய்திருக்கிறேன். ஏன் என்ற கேள்வி உண்மைதான், அதில் பொய் இல்லை. ஆனால் அதற்கு அவ்வளவு பெரிய இயந்திர ஓட்டம் கேட்டது ஆய்வுக்காக மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளைக் கட்டங்களில் ஏதாவது எழுதிவிடத் தோன்றியது. மொழி வகுப்பு, கூடுதல் மாதிரி, ஒரு கட்டுரை. ஒன்றையும் எழுதாமல் அப்படியே அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. இரண்டே வரி. இது முடியக்கூடிய ஆய்வு, ஏற்றுக்கொள்கிறோம். மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன், அவர் கைகூப்பும் படம் ஒன்று போட்டார். அம்மாவை அழைத்தேன், எடுக்கவில்லை. வேறு யாருக்குச் சொல்வது என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசிப் பெயர் வரை போய்விட்டேன்.

கீழே இறங்கினேன். வீட்டுக்கார அக்கா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஜெர்மனி போவது உறுதியாகிவிட்டது அக்கா என்றேன்.

"அடி சக்க! ஜெர்மனியா?" கை நின்றது. "அவ்ளோ தூரமா போற? அங்க உனக்குத் தெரிஞ்சவங்க யாரு கீறாங்க?"

"யாரும் இல்லக்கா."

அவர் கீரையைப் பார்த்துக்கொண்டே, மனதில் ஒன்றும் வைக்காமல், வெயில் அதிகம் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

"இங்க மட்டும் யாரு கீறாங்க?"

 எனக்கு அழுகை வந்தது. அவர் பதறிப்போய் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "ஐயே, இன்னாடி இது, நான் சும்மா கேட்டேன், உள்ள வா" என்றார். வருடக்கணக்கில் வாடகைக்கு இருந்தும் அந்த வீட்டின் உள்ளறை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.