அண்ணாச்சியைத் தணிக்கை செய்த நாள்

"…அப்ப நானும் ஒரு கையெழுத்தப் போட்டுட்டா சோலி முடிஞ்சுதுல்லம்மா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

எங்கள் முதலாளியைத்தான் அண்ணாச்சி என்கிறேன். கேள்வியில் கிண்டலே இல்லை. உண்மையாகவே என் பாரத்தைக் குறைக்கிற நினைப்பில் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் கவிழ்த்துவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அன்று காலையிலிருந்து சொல்ல வேண்டும்.

அண்ணாச்சிக்கு இரண்டு இடத்தில் தொழில். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற கூடம். ராஜபாளையத்தில் சேவு, மிக்சர் போட்டு எல்லாவற்றையும் பாக்கெட் கட்டுகிற இடம். நான் ராஜபாளையத்தில் பேக்கிங் மேசையில் சேர்ந்தவள். உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "இவ வாய் ஓயாமப் பேசுவா, இவளைப் படிக்க விடுங்க" என்று ராஜபாளையத்து மேற்பார்வையாளர் என்னைக் கைகாட்ட, அண்ணாச்சி அனுப்பிவிட்டார். கல்லூரி வாசலை நான் மிதித்ததில்லை. பேருந்தில் போகும்போதும், உலை கொதிக்கிற நேரத்திலும், போனில் பாடம் கேட்டுக் கேட்டுத்தான் உள் தணிக்கையாளர் தேர்வுக்குப் படித்தேன். நம் நிறுவனத்தை நாமே சரிபார்க்கிற ஆளுக்கு அந்தப் பெயர். தேறினால் இரண்டு இடத்துக்கும் நான்தான் தணிக்கையாளர். தேறாவிட்டால் மதுரையிலிருந்து ஆள் போட்டுக்கொள்வார்கள், நான் மறுபடியும் பேக்கிங் மேசை.

எழுத்துத் தேர்வில் ஆபத்துகளைக் கண்டுபிடிக்கிற பகுதி நன்றாகவே வந்திருந்தது. பால் எத்தனை சூட்டில் கொதிக்க வேண்டும், சல்லடை எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் கையில் பிடிக்கிற சங்கதி. காலை வாரிவிட்டவை உணவுப் பாதுகாப்புப் பண்பாடு, அதாவது யாரும் பார்க்காதபோதும் ஆட்கள் விதிப்படி நடக்கிற பழக்கம், நிர்வாக ஈடுபாடு என்ற இரண்டு பகுதிகள்தான். 'நிர்வாகத்தின் ஈடுபாட்டுக்குச் சான்று என்ன?' என்ற கேள்விக்கு, வாசலில் கண்ணாடிச் சட்டத்தில் கொள்கைப் பலகை மாட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தேன். அரை மதிப்பெண்கூடக் கொடுக்கவில்லை. "பலகை தொங்குது சரி. ஆள் என்ன செய்யறார்னு எழுதுங்க" என்று சிவப்பு மையில் ஒரு வரி.

அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் செய்முறைத் தேர்வு. தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கூடத்தை நானே தணிக்கை செய்ய வேண்டும். தலைப்பு மூன்று: பண்பாடு, நிர்வாக ஈடுபாடு, பயிற்சிப் பதிவுகள். ராஜபாளையத்துப் பயிற்சிப் பதிவுகளை நான்தான் எழுதுகிறேன். தான் செய்த வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்பது விதி. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் கூடம் என்று முடிவாயிற்று.

காலையில் போய் இறங்கினேன். தேர்வாளர் எனக்கு முன்பே வந்து, மதிப்பெண் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் இல்லைன்னு நினைச்சுக்குங்க" என்றார். எதிரே உட்கார்ந்துகொண்டு இல்லை என்று நினைத்துக்கொள் என்றால் எப்படி?

முதலில் பயிற்சிப் பதிவைக் கேட்டேன். கூடத்து மேற்பார்வையாளர் பெருமையாக எடுத்து வைத்தார். 'தனிநபர் சுகாதாரம்' என்று தலைப்பு. கீழே எல்லோர் கையெழுத்தும். உற்பத்திக் கூடத்துக்குள் பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது, நார், கயிறு எதுவும் கூடாது, தலையுறை இல்லாமல் யாரும் நுழையக் கூடாது என்பதெல்லாம் அந்த வகுப்பில் சொன்னவை.

"புரிஞ்சுதான்னு எப்படிப் பாத்தீக அண்ணே?"

"அதான் அம்புட்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காகள்லம்மா."

"கையெழுத்து வந்ததுக்குச் சாட்சி. புரிஞ்சதுக்கு?"

"புரியாமயா கையெழுத்துப் போடுவாக?"

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று குறிப்பெழுதத் தொடங்கினேன். பதிவில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. கேள்வி கேட்டார்களா, வேலை செய்கையில் நின்று பார்த்தார்களா என்று நிரப்ப வேண்டிய இடம். மேலிருந்து கீழ்வரை காலி.

கூடத்து வாசலில் சுவரோரம் வரிசையாக ஆணி அடித்திருந்தார்கள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு மல்லிகைச் சரம். உள்ளே போகிற பெண்கள் தலையிலிருந்து கழற்றி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சாயங்காலம் எடுத்து வைத்துக்கொண்டு போவார்களாம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. என் பூவையும் கழற்றி ஓர் ஓரத்து ஆணியில் மாட்டினேன். பண்பாடு என்று இத்தனை நாள் படித்தது இதுதானே என்று தேர்வாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே சட்டிகளில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. துடுப்புப் போட்டுக் கிண்டிய அக்காவிடம், "சட்டியில ஏதாச்சும் விழுந்தா என்ன செய்வீக?" என்று கேட்டேன்.

"சூப்பர்வைசர்ட்டச் சொல்லணும். அந்தச் சட்டியத் தனியா வச்சிரணும்."

சரியான பதில். "என்னைக்காச்சும் சொல்லியிருக்கீகளா?"

அந்த அக்கா துடுப்பை நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினார். "ஒருக்கச் சொன்னேன். ஆறப் போட்ட தட்டுல வாழநார் கெடந்துச்சு. சாமி மாலை நாருதான, எடுத்துப் போட்டுட்டுச் சோலியப் பாருன்னாக. பொறவு நான் எதுக்கு வாயத் தொறக்கேன்? எம்பேர எழுதிராதீகத்தா."

"எழுத மாட்டேன்க்கா."

எழுதக் கூடாது என்றுதான் பாடமும் சொல்கிறது. ஆனால் அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை. ஆட்களிடம் சொல்வது, பழக்குவது, அவர்கள் சொல்வதைக் காதில் வாங்குவது, நடக்கிறதா என்று அளந்து பார்ப்பது, இதெல்லாம் சேர்ந்ததுதான் பண்பாடு என்று மனப்பாடம் செய்திருந்தேன். இங்கே மூன்றாவது இடத்தில் கதவு சாத்தியிருக்கிறது. பெயரில்லாமல் எழுதினாலும் அந்தக் கூடத்தில் நார் பற்றிப் பேசியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எழுதாமல் விட்டால் என் தேர்வு போகும். ஆறவைக்கும் மேசைக்கு நேர் மேலே சாமி படம். அதில் நேற்றைய துளசி மாலை வாடித் தொங்கியது. படத்தைப் பார்ப்பதா, தேர்வாளரைப் பார்ப்பதா என்று நின்றேன்.

அப்போதுதான் அண்ணாச்சி வந்தார்.

கோயிலுக்குப் போய்விட்டு நேராக வருகிறார். கையில் வாழை இலையில் சுற்றிய புது மாலை, தண்ணீர் சொட்டச் சொட்ட. பூ மாட்டிய ஆணிகளைத் தாண்டி, தலையுறைப் பெட்டியைத் தாண்டி, கிண்டிக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி, மேசைக்கு மேல் எட்டி, பழைய மாலையை உருவிப் புது மாலையைப் போட்டார். உதிர்ந்த துளசி ஒன்றிரண்டு மேசை விளிம்பில் விழுந்தது. தட்டில் விழவில்லை, நல்ல வேளை. அண்ணாச்சி கையைக் கூப்பிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி, "என்னம்மா, தணிக்க முடிஞ்சுதா?" என்றார்.

"அண்ணாச்சி, தலைக்குத் தொப்பி…"

"எனக்கு எதுக்குத் தாயி தொப்பி? முடி இருந்தால்ல உதிர?" என்று வழுக்கையைத் தடவிக் காட்டினார். சட்டிப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம். "உதிர்ற காலத்துல எவனும் வாங்கித் தரல" என்று அவரே இன்னொன்று சேர்த்துக்கொண்டார்.

நானும் சிரித்துவிட்டேன். மனுஷன் பேசினால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் வாசலில் பூவைக் கழற்றிவிட்டு வந்த அத்தனை பெண்களும் தினமும் பார்க்கிற காட்சி இது. அவர்களுக்கு எந்த வகுப்பு எடுத்து என்ன?

அலுவலக அறையில் அவரைப் பேட்டி கண்டேன். "பண்பாட்டுக்கு இந்த வருசம் என்ன இலக்கு வச்சிருக்கீக அண்ணாச்சி?"

"அதான் வாசல்ல பலகை இருக்கே."

என் சிவப்பு மை ஞாபகம் வந்தது. "பலகை இருக்கு. நீங்க என்ன செய்வீகன்னு கேக்கேன்."

"மெசினு வாங்கிக் குடுத்தேன். சுவர்ல டைல்ஸ் ஒட்டிக் குடுத்தேன். இன்னும் எம்புட்டுச் செய்யச் சொல்லுத?"

அதுவும் பொய்யில்லை. செலவுக்கு அவர் கணக்குப் பார்ப்பதே கிடையாது. தலையுறை மாட்டுவதற்குத்தான் அவரிடம் மனசில்லை.

உட்கார்ந்து எழுதினேன். குறை என்று எழுதிக் கொடுப்பதை எங்கள் தொழிலில் என்.சி. என்போம். விதி என்ன, கண்ட சான்று என்ன, எது நடக்கவில்லை என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். கையில் சட்டென்று வேகம் வந்தது. கிண்டிய அக்காவின் வாய் எனக்கு வேண்டியதில்லை. நானும் தேர்வாளரும் கண்ணால் கண்டதே போதும். ஒன்று: நிறுவனத்தின் சொந்த விதியை மீறி உயர் நிர்வாகி தலையுறை இல்லாமல் மாலையுடன் உள்ளே வந்தார்; மாலை ஆறவைக்கும் மேசைக்கு மேலே தொங்குகிறது. இரண்டு: பயிற்சிப் பதிவில் எல்லோர் கையெழுத்தும் உண்டு, நிர்வாகியின் பெயரே இல்லை, பயிற்சி பலித்ததா என்று சோதித்ததற்குச் சான்றும் இல்லை.

தணிக்கை முடிந்ததும் கூடிய கடைசிக் கூட்டத்தில் அதை வாசித்தேன். மேற்பார்வையாளர் கூரையைப் பார்த்தார். அண்ணாச்சி என்னைத்தான் பார்த்தார்.

"என் கூடத்துக்கு வந்து என்னையே குறை சொல்லுதியேம்மா."

"நீங்கதான அண்ணாச்சி படிக்க அனுப்புனீக."

தேர்வாளர் மதிப்பெண் தாளை மூடிப் பேனாவைச் சொருகினார். "இந்தத் தடவை ஆளைப் பத்தி எழுதியிருக்கீங்க. தேறிட்டீங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

தேறியதில் கண் கலங்கியது நிஜம். அண்ணாச்சிக்கும் முகம் தெளிந்துவிட்டது. "நம்ம பிள்ள பாஸாயிருச்சு" என்று காபி சொல்லிவிட்டார். குறையை எப்படித் தீர்ப்பது என்று கேட்டார். படத்தை அலுவலக அறைக்கு மாற்றலாம், சாமிக்கு அங்கேயே மாலை போடலாம் என்றேன். தலையாட்டினார். புதன்கிழமை மறுபடி வகுப்பு வைக்கலாம், இந்த முறை நீங்களும் உட்கார வேண்டும், முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும், உங்களிடமும் கேட்பேன் என்றேன். அதற்கும் தலையாட்டினார். எனக்கு ஒரே பூரிப்பு. புதன்கிழமை வகுப்புக்கு உண்டான வெற்றுப் படிவத்தை எடுத்து, தலைப்பையும் தேதியையும் எழுதி அவர் முன்னால் வைத்தேன், ஞாபகமாக இருக்கட்டும் என்று.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார். வகுப்பு முடிந்த பிறகுதான் என்று நான் சொல்ல வருவதற்குள், சரி என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். நடக்காத வகுப்பின் படிவத்தில், முதல் வரிசையில், அழகாகக் கையெழுத்துப் போட்டார். தாளை மேற்பார்வையாளர் பக்கம் தள்ளிவிட்டு, "மத்தவகட்டயும் இப்பவே வாங்கி வச்சிருப்பா. புதன்கெழம ஓட்டமா ஓட வேண்டாம்" என்றார்.