அறுந்துகொண்டிருந்த கயிறு

துறைமுகக் கிடங்கில் எங்கள் கூலிக் கூட்டத்துக்குத் தலைவர், அதாவது மண்டோர், பக்கிரிசாமி. ஐம்பத்தாறாம் வருஷம் கிரேனின் கம்பிக்கயிறு பிரியத் தொடங்கியது. ஃபோர்மன் வேலுப்பிள்ளையிடம் பலமுறை சொன்னார். "பார்ப்போம்" என்றதோடு சரி.

"நேரா வெள்ளைக்காரத் துரைகிட்ட போங்கண்ணே!" என்று கத்தினேன்.

அவர் ஃபோர்மனிடமே போனார். "ஐயா, புதுக் கயிறு துரை உத்தரவு இல்லாம வராது. உங்களுக்கு ஏன் வீண் பழி? வாங்க, சேர்ந்தே போய்ச் சொல்லுவோம்."

துரை முன்னால் ஃபோர்மன் தடுமாறினார். பக்கிரிசாமி மெதுவாகச் சொன்னார்: "கயிறு மோசம்னு ஐயாவுக்குத் தெரியும். தன் கையில இல்லைன்னுதான் உங்ககிட்ட வந்திருக்காரு."

துரை அப்போதே கிரேனை நிறுத்தச் சொல்லி, ஃபோர்மனைப் பாராட்டினார்.

அன்று சாயங்காலம் தேக்கா சந்தைத் தேநீர்க் கடையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேரை அந்த ஆளுக்குக் கொடுத்துட்டீங்களே!"

தேநீரைத் தொடாமல் சொன்னார்: "முன்னாடி என் தம்பி வேலை செஞ்ச கிடங்குலயும் கயிறு இப்படித்தான் பிரிஞ்சுது. நான் நேரா துரைகிட்ட போனேன். ஃபோர்மனைக் கேட்காம எப்படி வந்தேன்னு விசாரிச்சாங்க. விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள கயிறு அறுந்துடுச்சு. அடியில தம்பி நின்னான்."