கரிசலுக்கு அடியில் ஒரு சுவர்

சங்கரன்கோவிலிலிருந்து இளையரசனேந்தல் போகும் பக்கத்தில், சோலார் பலகை நடுவதற்காக ஒரு கரிசல் காட்டை வளைத்திருந்தார்கள். உழவில் பழைய ஓட்டுச்சில்லுகள் மேலே வந்ததால், தோண்டுவதற்கு முன்பே அடியில் கட்டடம் உண்டா என்று பார்க்க எங்கள் தொல்லியல் குழுவை அனுப்பினார்கள். கருவிகள் என் பொறுப்பு.

முதலில் ரேடார் வண்டியைத் தள்ளினேன். அது மண்ணுக்குள் ரேடியோ அலையை அனுப்பும். கல்லோ சுவரோ இருந்தால் அலை மோதித் திரும்பும். திரும்பிவரும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணிக்கலாம். ஆனால் மழை பெய்து ஊறிக் கிடந்த களிமண் அலையை விழுங்கிவிட்டது. திரையில் வெறும் மங்கல்தான்.

சோலார் நிறுவனத்தின் மேற்பார்வையாளர், உள்ளூர்க்காரர், எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுந் தெரியலைல்லா? அப்பம் ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா."

"தெரியலன்னா இல்லன்னு அர்த்தமா அண்ணாச்சி? மண்ணு ஈரமாக் கெடக்குன்னு சொல்லுதேன்."

எங்கள் குழுத் தலைவருக்கு மேலிடத்திலிருந்து போன் வந்துகொண்டேயிருந்தது. "எழுதிடலாமேம்மா," என்றார்.

"நீங்க எழுதுங்க சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

 

காந்தமானியை வெளியே எடுத்தேன். சுட்ட செங்கல் சூளையில் ஆறும்போது பூமியின் காந்தத்தைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும். புதைந்து நூற்றாண்டுகள் போனாலும் அது அழியாது. மேலே நடந்தால் கருவி அந்தச் சின்ன வேறுபாட்டை உணர்ந்துவிடும். ஈரம் அதற்கு ஒரு பொருட்டல்ல, இரும்புதான் ஆகாது. துப்பட்டா ஊக்கைக் கழற்றினேன். ஆணி அடித்த செருப்பையும் விட்டேன். காட்டின் கிழக்குப் பாதியில், கயிறு பிடித்த வரிசைகளில் வெறுங்காலோடு நடந்தேன்.

மேற்பார்வையாளர் என் வரிசைக்குப் பக்கத்திலேயே பைக்கை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"பைக்க ரோட்டுக்குக் கொண்டு போங்க அண்ணாச்சி. அந்த இரும்பு அளவக் கெடுக்கும்."

"எங்க எடத்துல நிறுத்துனா உனக்கென்ன?"

"எடம் உங்களுது, அளவு என்னுது. நீங்க நகர்ற வரைக்கும் நானும் இங்கனயே நிக்கேன்."

வெயில் ஏறியது. கருவியைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றேன். முணுமுணுத்தபடி அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அன்று மாலை அளவுகளை லேப்டாப்பில் படமாக்கினேன். ஒரு மூலையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய பொட்டு. அது இரும்பு என்று அப்போதே சொன்னேன். பழைய போர்வெல் குழாய் என்று பிறகு தெரிந்தது. அதற்கு அப்பால் மெலிதாக இரண்டு நேர்கோடுகள், செங்கோணத்தில் சேர்ந்திருந்தன. மண் தானாக அப்படித் திரும்பாது.

தலைவர் கோடுகள் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். அடுத்து வந்த போனில், "இல்லன்னு எழுத முடியாது சார்," என்றார்.

கோடுகள் சேரும் இடத்தில் சிறிய குழி வெட்டினோம். முழங்கால் ஆழத்தில் செங்கல் வரிசை வந்தது. படத்தில் கோடு திரும்பிய அதே இடத்தில் சுவரும் திரும்பியது.

அந்தக் கிழக்குப் பாதியில் பலகை நடும் வேலையை நிறுத்தினார்கள். மேற்பார்வையாளர் குழிக்குள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மேக்கால உள்ள பாதியில ஒண்ணும் இருக்காதுல்லா?"

"இன்னும் நடக்கல அண்ணாச்சி. காலையில நடப்பேன்."