துருப்பிடிக்காத ஆணிகள்

நான் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே துடைப்பத்தோடுதான். சின்ன வயதில் போக வாய்க்கவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து, அங்கே ஆள் குறைத்த பிறகு பல இடம் சுற்றி, கடைசியில் வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு குத்தகைக்காரர் மூலம் இந்தத் தமிழ்ப்பள்ளிக்குத் துப்புரவு வேலைக்கு வந்தேன். என் வீடு இருக்கும் ஆயர் ஈத்தாமிலிருந்து முதல் பஸ் பிடித்தால் கேட் திறப்பதற்கு முன்னால் வந்துவிடலாம். வந்ததும் அறிவியல் அறையைத்தான் முதலில் கூட்டுவேன். காலை வெயில் அங்கேதான் முதலில் விழும்.

அந்த ஆண்டு பயிற்சிக்கு ஒரு டீச்சர் வந்திருந்தது. ஆசிரியர் கல்லூரியில் கடைசி வருஷம். சுங்கைப் பட்டாணிப் பக்கத்துப் பிள்ளை. சின்ன உருவம், பெரிய பை. கல்லூரியிலிருந்து புள்ளி போட வரும் மேடம் முதல் தடவை வந்து பாடத்தைப் பார்த்தபோது நன்றாகப் போகவில்லை என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். இரண்டாவது தடவைதான் கடைசி. அதுவும் சறுக்கினால் பயிற்சி முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும், வேலைக்குப் போவது இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். டீச்சரின் அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர். வீட்டில் எல்லாரும் இந்தச் சம்பளத்தைத்தான் எதிர்பார்த்திருக்கிறார்கள் என்று ஒருநாள் டீச்சரே என்னிடம் சொன்னது.

அந்தக் கடைசிப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டது துரு.

துரு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் வாலிபம் முழுக்கத் துருவோடு போனது. கப்பல் ஓரத்தில் பலகையைக் கட்டித் தொங்கவிட்டு, சுத்தியலால் தட்டித் தட்டித் துருவை உதிர்ப்போம். பிறகுதான் சிவப்புச் சாயம் பூசுவார்கள். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் செம்மண்தான் வரும். பக்கத்துப் பலகையில் ஒரு மலாய்க்காரர் இருப்பார், நாள் முழுக்கப் பாடுவார். சுத்தியல் சத்தத்தில் என்ன பாட்டு என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. கடல் உப்புதான் இரும்பைத் தின்கிறது என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். டீச்சரிடமும் அதைத்தான் சொன்னேன்.

“உப்பு இல்லன்னா துருவே இல்ல டீச்சர். நான் பாத்தவன்.”

“அப்படியா அங்கிள்? சரி, வெள்ளிக்கிழம பாப்போம்லா” என்றது.

திங்கட்கிழமை பிள்ளைகள் கண்ணாடிக் குழாய்களில் ஆணி போட்டார்கள். நான் தரையைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். முதல் குழாயில் பைப்புத் தண்ணீர், ஆணி பாதி நனைய, வாய் திறந்தபடி. இரண்டாவதில் தண்ணீரே இல்லை. அடியில் ஈரத்தை இழுக்கிற ஒரு வெள்ளை உப்பு, அதன்மேல் பஞ்சு, பஞ்சின்மேல் ஆணி, வாயில் இறுக்கமாக அடைப்பான். மூன்றாவதில் கொதிக்க வைத்த தண்ணீர். கொதித்தால் தண்ணீருக்குள் இருக்கும் காற்று போய்விடுமாம். அது திரும்ப உள்ளே போகாமல் இருக்க மேலே சமையல் எண்ணெய் ஊற்றி மூடினார்கள். நான்காவதில் உப்புத்தண்ணீர். நான் பந்தயம் வைத்தது அதன்மேல்தான்.

ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு பயிற்சித்தாள். அதில் கட்டம். எந்தக் குழாயில் நீர் உண்டு, எதில் காற்று உண்டு, எதில் துரு வந்தது என்று நிரப்ப வேண்டும். கீழே இரண்டு கேள்விகள். துருப்பிடிக்க என்ன வேண்டும்? துருவை எப்படித் தடுக்கலாம்? ஒன்றிலும் நான்கிலும் துரு வரும், மற்ற இரண்டிலும் வராது, அதை வைத்துப் பிள்ளைகளே பதில் கண்டுபிடிப்பார்கள் என்பது டீச்சரின் கணக்கு.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் இல்லை. புதன்கிழமை டீச்சர் எனக்கு முன்னாலேயே வந்து கதவருகே நின்றது. திறந்துவிட்டேன். நேராகக் குழாய்களிடம் போய்க் குனிந்தது. பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

“அங்கிள், வந்து பாருங்களேன். செவப்பா ஏதாச்சும் தெரியுதா?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நாலு ஆணியும் பளபளப்பு கொஞ்சம் குறைந்து சாம்பல் நிறமாக இருந்தன. உப்புத்தண்ணீரில் மட்டும் ஆணியைச் சுற்றி வெள்ளையாக, அரிசிமாவு கரைத்த மாதிரி. சிவப்பு மருந்துக்கும் இல்லை. என் பந்தயமும் போனது.

“நாளைக்கு வந்துரும் டீச்சர்.”

வியாழக்கிழமையும் வரவில்லை.

மதியம் பள்ளி விட்ட பிறகு டீச்சர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தது. நான் நாற்காலிகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்துக்கொண்டு வந்தேன். டீச்சர் உட்கார்ந்த நாற்காலி மட்டும் மிச்சம்.

“நல்ல ஆணியா பாத்துதான் வாங்குனேன் அங்கிள். கடையில ஒரு டின்ல எண்ணெ பிசுக்கோட கறுப்பா இருந்துச்சு, சிலதுல ஏற்கெனவே துரு. துரு புடிச்சத வெச்சு எப்படிச் சோதன செய்யிறதுன்னு பளபளன்னு இருந்தத கேட்டு வாங்குனேன்.” பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டது: “ஸ்டோர்ல பழைய ஆணி கெடக்குமா?”

எதற்கு என்று எனக்குத் தெரிந்தது. கேட்கவும் இல்லை. பழைய மேசைகளைப் பிரித்தபோது கழற்றிய ஆணிகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. ஒரு பிடி அள்ளிக் கொண்டுவந்து கொடுத்தேன். அதே அளவில் இரண்டைப் பொறுக்கி எடுத்தது.

வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகள் திடலில் சபைகூடலுக்கு வரிசையாக நிற்கும்போது, டீச்சர் முதல் குழாயிலும் நான்காவதிலும் இருந்த ஆணிகளை இடுக்கியால் எடுத்து டிஷ்யூவில் சுற்றிப் போட்டிருந்த பாஜு கூரோங் சட்டையின் பையில் போட்டது. துருப்பிடித்த இரண்டையும் உள்ளே இறக்கியது. அவசரத்தில் ஒன்று குழாய் விளிம்பில் டிங் என்று பட்டது. இரண்டு பேரும் கதவைத் திரும்பிப் பார்த்தோம்.

மேடம் சரியான நேரத்துக்கு வந்தார். காட்டன் சேலை, கையில் கோப்பு, கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அறைக்கு வெளியே கைகழுவும் தொட்டியில் பைப்பு ஒழுகிக்கொண்டிருந்தது. நான் அதைத் துடைக்கிற சாக்கில் ஜன்னலோரம் நின்றேன். ஒழுகியது என்னவோ உண்மைதான். ஆனால் அவ்வளவு நேரம் துடைக்கிற ஒழுகல் இல்லை.

பாடம் நன்றாகவே ஆரம்பித்தது. பிள்ளைகள் குழுக் குழுவாக வந்து குழாயைப் பார்த்துத் தாளில் எழுதினார்கள். மேடமும் எழுதினார். டீச்சரின் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. அப்போது இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை முதல் குழாயை விட்டு நகராமல் நின்றது.

“என்னம்மா, எழுதிட்டியா?”

“டீச்சர், ஆணி இவ்ளோ துரு. தண்ணி மட்டும் ஏன் தெளிவா இருக்கு?”

டீச்சர் குனிந்து குழாயைப் பார்த்தது.

“எங்க வீட்டுப் பக்கெட்ல கம்பி கெடந்து தண்ணி பூரா தேத்தண்ணி மாதிரி ஆயிருச்சு டீச்சர். அடியில தூளுகூட இருந்துச்சு. இதுல ஒன்னுமே இல்ல.”

“ஐயோ, ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்லா. எழுதிட்டு வா, எங்க குழு நிக்குது” என்றான் பின்னால் நின்ற பையன்.

“நீ வந்து பாருடா மொதல்ல. இது நம்ம போட்ட ஆணியே இல்ல.”

மேடத்தின் பேனா நின்றது. நான் துணியைப் பிழியாமல் கையிலேயே பிடித்திருந்தேன், தண்ணீர் என் காலில் கிடந்த சப்பாத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் கொஞ்சம் கலங்கும், கலங்காமலும் இருக்கும் என்று டீச்சர் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடும் என்று நினைத்தேன். சமாளிக்கட்டும் என்றுதான் என் மனசும் சொன்னது.

டீச்சர் சட்டைப் பையில் கைவிட்டது. டிஷ்யூவை எடுத்து மேசைமேல் பிரித்தது.

“நீ சொல்றது சரி. இதுதான் நீங்க போட்ட ஆணி. நாலு நாளாச்சு, துருப்பிடிக்கல. எனக்குப் பயமாப் போச்சு. காலையில நான்தான் மாத்துனேன்.”

சொல்லிவிட்டு மேடத்தைப் பார்த்தது. மேடத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “பாடத்த நடத்துங்க டீச்சர்” என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் டிஷ்யூவில் இருந்த இரண்டு ஆணிகளையும் ஒரு வெள்ளைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. “சரி, வாங்க எல்லாரும். இந்த ஆணிக்குத் தண்ணி இருந்துச்சா?”

“இருந்துச்சு டீச்சர்!”

“காத்து?”

“குழா தொறந்துதானே இருந்துச்சு!”

“ரெண்டும் இருந்தும் ஏன் வரல?”

அவசரப்பட்ட அந்தப் பையன்தான் ஆணியைக் கையில் எடுத்துப் புரட்டினான். அவன் அப்பா கூரை வேலை செய்பவர்.

“டீச்சர், இது தகரம் அடிக்கிற ஆணி மாதிரி இருக்கு. எங்கப்பா இந்த மாதிரிதான் வாங்குவாரு. இதுக்கு மேல என்னமோ பூசியிருக்கும். மழையில கெடந்தாலும் செவக்காது.”

டீச்சர் ஓர் அரத்தை எடுத்து ஆணியின் பக்கவாட்டில் அழுத்தித் தேய்த்தது. சாம்பல் மினுக்கம் உதிர்ந்து, கீழே வேறு நிறத்தில் இரும்பு தெரிந்தது. டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு.

“துத்தநாகம். இரும்புக்கு மேல துத்தநாகம் பூசியிருக்கு. காத்தும் தண்ணியும் இரும்பத் தொடவே இல்ல. அந்த வெள்ள மாவும் துத்தநாகத்துலேர்ந்து வந்ததுதான். நான் துருப்பிடிக்காத ஆணியா பாத்து வாங்கி, துருப்பிடிக்கும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கேன்.”

“அப்ப ரெண்டாவது கேள்விக்கு மொதல்லயே பதில் வந்துருச்சு டீச்சர்” என்றது இரட்டைப் பின்னல்.

“வந்துருச்சு. வேற எப்படியெல்லாம் தடுக்கலாம்?”

சாயம், எண்ணெய், கிரீஸ் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். முதல் கேள்விக்கான இடத்தை டீச்சர் காலியாக விடச் சொன்னது. பார்க்காததை எழுதக் கூடாது என்றது. சொன்ன பிறகு அதன் காது சிவந்துவிட்டது.

மணி அடித்துப் பிள்ளைகள் போனதும் மேடம் எழுந்து வந்தார். நான் வாளியைத் தூக்கினேன், ஆனால் நகரவில்லை.

“மாத்துனத நான் எழுதத்தான் செய்வேன்” என்றார் மேடம்.

“சரிங்க மேடம்.”

“அதுக்கு அப்புறம் நடந்ததையும் எழுதுவேன். பாடம் பாதிதான் முடிஞ்சிருக்கு. பாதிப் பாடத்துக்கு நான் புள்ளி போட முடியாது. கடையில பூச்சு இல்லாத கறுப்பு ஆணி இருக்கும், அத வாங்கி, எண்ணெ போகக் கழுவி, துரு இருந்தா மணல்தாள் போட்டுத் தேச்சுட்டுப் போடுங்க. அடுத்த வெள்ளி வர்றேன். நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது.” ஜன்னல் பக்கம் திரும்பினார். “ஐயா, உங்களுக்கும்தான்.”

“சரி மேடம்” என்றேன். வேறென்ன சொல்ல.

திங்கட்கிழமை மறுபடி நாலு குழாய். அந்த வாரம் நான் அறையைக் கூட்டுவதற்கு முன் குழாய்களைப் பார்த்தேன். தூரத்திலிருந்துதான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. செவ்வாய்க்கிழமை உப்புத்தண்ணீரில் லேசாக ஒரு மஞ்சள் கோடு. புதன்கிழமை முதல் குழாயிலும் வந்துவிட்டது. உப்பே இல்லாத வெறும் பைப்புத் தண்ணீர். இத்தனை காலம் நான் உப்பின்மேல் போட்ட பழி! உப்பு வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது, முதல் குழாயில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அடியில் செம்மண் தூள். எண்ணெய் மூடிய குழாயும் உலர்ந்த குழாயும் போட்டபடியே இருந்தன. டீச்சர் வந்து பார்த்தது. இந்தத் தடவை பையை முதலில் இறக்கி வைத்தது.

“அங்கிள், நீங்க தொட்டீங்களா?”

“நான் தொடல டீச்சர். நீங்க?”

“நானும் தொடல.”

வெளியே மேடத்தின் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன். பைப்பு அப்போதும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.