பேசும் பெட்டிக்கு எழுதிய படங்கள்

கோலசிலாங்கூர் பக்கம் கல்யாணக் கார்டு என்றால் என் அச்சகம்தான். இதை நானாகச் சொல்லவில்லை. சபாக்கிலிருந்தும் சுங்கை பெசாரிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் சொன்னது. எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ரப்பர் பால்வாளி தூக்கினேன், லோரிகளுக்கு நம்பர் எழுதினேன், கடைப் பலகை எழுதினேன், பிறகு சொந்தமாக மிஷின் போட்டேன். எண்பதுகள் முடிகிற நேரத்தில் எழுத்துக் கோர்க்கக் கம்ப்யூட்டரும் வாங்கிவிட்டேன். எங்கள் வரிசையில் வேறு எந்தக் கடையிலும் அப்போது அது கிடையாது. பேங்க்கில் வேலை செய்தவர்களே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரைத் தேடித்தான் அந்தப் பெண் வந்தாள். புக்கிட் ரோத்தான்காரி. ஐந்து வயதில் அம்மை வந்து பார்வை போனவள். டவுனில் ஒரு செம்பனை எண்ணெய்க் கம்பெனி ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். கட்டிக்கொள்ளப் போகிறவரும் பார்வை இல்லாதவர், கோலாலம்பூரில் இன்னொரு ஆபீஸில் ஆபரேட்டர். போனிலேயே பேசிப் பழகியவர்கள். அம்மாவும் அண்ணனும் கூட வந்திருந்தார்கள்.

மாதிரி ஆல்பத்தை மேசையில் விரித்தேன். அதில் இருந்ததெல்லாம் நானே வரைந்த படங்கள். சும்மா போட்டோ மாதிரி வரைவதில்லை நான். நாலு கோட்டில் ஒரு மயில், ஒரே இழுப்பில் ஒரு பிள்ளையார். குறைத்து வரைவதில்தான் கை தெரியும்.

அண்ணன்காரன் புரட்டினான். "இது நல்லாருக்கு," என்றான். அம்மா அடுத்ததைத் தொட்டு, "இது இன்னும் நல்லாருக்கு," என்றாள்.

"எல்லாமே நல்லாருக்குன்னா எதுல என்னா இருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நாங்க பாத்து எடுக்குறோம்லா. உனக்கு எதுக்கு அந்தத் தலவலி?"

"கல்யாணம் எனக்குதானேண்ணே?"

அவன் ஆல்பத்தை என் பக்கம் தள்ளினான். நான் ஒவ்வொரு படமாக எடுத்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"நீங்க சொன்னா உங்களுக்கு எது புடிக்கும்னு கொரல்லயே தெரிஞ்சிரும் அங்கிள். அப்புறம் நான் அதத்தான் எடுப்பேன். எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு பேசுற பெட்டி மாட்டிருக்காங்க. எழுத்தா இருந்தா அதுவே படிச்சிக் காட்டும். படம்னா அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஒவ்வொரு படத்துலயும் என்னா இருக்குன்னு எழுதி டிஸ்க்ல போட்டுக் குடுங்க. நான் தனியா கேட்டு எடுத்துக்கிறேன்."

பேசும் பெட்டிக்குப் பிடித்தது பிடிக்காதது கிடையாது. அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

"இதென்ன பெரிய விஷயம், ரெண்டு நாள்ல முடிச்சிருவேன்," என்றேன். எந்த வேலைக்கும் நான் முடியாது என்று சொன்னதில்லை.

பெட்டிக்குத் தமிழ் வராது, இங்கிலீஷ்தான் வரும். அதனால் நான் தமிழில் சொல்லச் சொல்ல, எழுத்துக் கோர்க்கும் அம்மாள் இங்கிலீஷில் தட்டினாள். பெரிய பள்ளியில் பாரம் ஐந்து வரை படித்தவள், நாலு பிள்ளை பெற்றவள், என்னிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு என்னையே அதட்டுவாள். நான் முதல் படத்துக்கு, "மிக அழகான பிள்ளையார், முதல் தரமான வண்ணம், பார்ப்பவர் மனம் மயங்கும்," என்றேன்.

"மொதலாளி, இது கார்டு விக்கிற பேச்சு. அந்தப் பொண்ணு கேட்டது இது இல்ல."

சரி என்று ஒழுங்காகச் சொன்னேன். நான்கு கை. ஒரு கையில் பாசம், ஒரு கையில் அங்குசம், ஒரு கையில் கொழுக்கட்டை. காலடியில் எலி. முதலில் அந்த ஒரு படத்தை மட்டும் தட்டி முடித்து டிஸ்க்கில் ஏற்றி, அதன் மாதிரிக் கார்டையும் சேர்த்து அனுப்பினோம். அனுப்பிய அன்றே போன் வந்தது. பெட்டி கண்டபடி உளறுகிறதாம். எழுத்துக் கோர்க்கும் புரோகிராம் தன் வசதிக்காகப் போட்டு வைக்கும் ரகசியக் குறிகளையும் அது எழுத்தென்று நினைத்துப் படித்திருக்கிறது. வெறும் எழுத்தாக மட்டும் சேமிக்க ஒரு வழி இருந்தது. அதைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பினோம்.

மறுநாள் காலையில் திரும்பவும் போன்.

"அங்கிள், எலி எங்க?"

"பிள்ளையார் காலடியிலம்மா."

"எங்க ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணிகிட்ட கார்டக் காட்டினேன். எலியும் இல்ல, காலும் இல்லங்குறாரு. ஒரே ஒரு வளைஞ்ச கோடுதான் இருக்காம்."

ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் படத்தை வரைந்தவன் நான். தும்பிக்கை ஒரு வளைவு, அதன் முனை சுருண்டு வயிறாகிறது, பக்கத்தில் ஒரு சின்னக் கீற்று தந்தம். அவ்வளவுதான். கையும் இல்லை, கொழுக்கட்டையும் இல்லை. கண்ணுள்ளவன் அந்தக் கோட்டைப் பார்த்ததும் மிச்சத்தைத் தன் மனசிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறான். நான் என் மனசில் இருந்த சாமியைச் சொல்லியிருக்கிறேன், காகிதத்தில் இருந்ததைச் சொல்லவில்லை.

"பிள்ளையாருக்கு எத்தன கைன்னு எனக்கும் தெரியும் அங்கிள்," என்றாள். "உங்க பிள்ளையார் எப்படின்னுதான் தெரியாது. மொத வரியிலேயே என்னா படம்னு சொல்லிருங்க. வேணாம்னா கீழ் பட்டனத் தட்டி அடுத்ததுக்குப் போயிருவேன். வேணும்னா நின்னு கேப்பேன். அப்புறம் கலர் சொல்லுங்க. செவப்பு, மஞ்ச எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு."

அன்றிலிருந்து எனக்கு வழி பிடிபட்டுவிட்டது. படத்தின் நம்பர். கீழே அது என்ன என்று ஒரு சின்ன வரி. அதற்குக் கீழே எப்படி வரைந்திருக்கிறது, எது இருக்கிறது, எது வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. மயிலுக்கு, "மயில். நான்கு நீலக் கோடுகள் மட்டும். தோகை விரியவில்லை, பின்னால் தொங்குகிறது. கண் ஒரு புள்ளி." வேறு எந்த அச்சகக்காரனும் தன் படத்தைத் தானே இப்படிப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டான். நான் பார்த்தேன்.

பாதிப் படங்களுக்கு எழுதி முடித்திருந்தபோது அம்மாக்காரி தனியாக வந்தாள். மார்க்கெட்டுக்கு வந்தவள் போல, பையில் கீரையும் நெத்திலியும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, அந்தக் கண்ணு படம் இருக்குல்ல, மாப்பிள பொண்ணு படம். அத மட்டும் எழுதாம விட்டுருங்க."

எந்தப் படத்தைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். என் ஆல்பத்திலேயே அதிகம் விலை போன படம் அது. மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையும் மீசையும் மட்டும். பெண்ணுக்கு இரண்டு நீளமான கண்கள், நடுவில் சிவப்புப் பொட்டு. வேறு ஒரு கோடு கிடையாது. அதைப் பார்த்துவிட்டு எத்தனையோ மாமியார்கள் மருமகளை மெச்சியிருக்கிறார்கள்.

"புள்ள அதக் கேட்டா என்னா நெனைக்கும்? கல்யாணம் நெருங்குற நேரத்துல."

"நம்பர் போட்டு வச்சிருக்கோமேக்கா," என்றாள் எழுத்துக் கோர்ப்பவள். "ஒண்ணு கொறஞ்சா அந்தப் பொண்ணு கேக்கும்."

"அப்ப வெறுமன பொண்ணு மொகம்னு எழுதிருங்க. கண்ணுன்னு வேணாம்."

பெற்றவள் இப்படிக் கேட்கும்போது என்னத்தைச் சொல்வது? பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன். அன்று மத்தியானம் வரை அந்தப் படத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். மற்ற வேலையெல்லாம் நின்றது. பெண் முகம் என்று எழுதுவது பொய் இல்லைதான். ஆனால் அந்தப் பெண் அதையே எடுத்துவிட்டால்? கார்டை வாங்கிய முதல் ஆளே, "அடேயப்பா, எவ்வளவு பெரிய கண்ணு," என்பான். தன் கல்யாணக் கார்டில் என்ன இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்து, அவளுக்கு மட்டும் தெரியாமல் இருக்கும். அவள் ஆல்பத்தின் முன் உட்கார்ந்து பயந்ததே அதற்குத்தான்.

எழுதச் சொன்னேன். "மணமகனும் மணமகளும். அவருக்குத் தலைப்பாகை, மீசை மட்டும். கண் இல்லை. அவளுக்கு இரண்டு கண்கள் மட்டும். நீளமானவை, கறுப்பு. நடுவில் சிவப்புப் பொட்டு. மூக்கு, வாய் வரையப்படவில்லை." எழுத்துக் கோர்ப்பவள் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் மிஷின் பக்கம் போய்விட்டேன்.

டிஸ்க் போய் மூன்றாம் நாள் அம்மாக்காரி கடையில் நின்றிருந்தாள். எழுதிவிட்டேன் என்று சொன்னதும் அவள் முகம் விழுந்தது. "ஒங்கள நம்பிக் கேட்டேனேண்ணே," என்று மட்டும் சொன்னாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவள் மகள்தான். நான் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன், தாயும் கேட்கட்டும் என்று.

"அங்கிள், அந்த மாப்பிள பொண்ணு படம்."

"சொல்லும்மா."

"மூணு தடவ கேட்டுட்டேன். மாப்பிளைக்குக் கண்ணு இல்லையா?"

"இல்லம்மா. தலப்பா, மீச, அவ்வளவுதான்."

"அப்ப இவரு மாதிரியேதான்," என்று சிரித்தாள். "பொண்ணுக்குப் பெரிய கண்ணு போல."

"ஆமாம்மா. பெருசுதான்."

அம்மாக்காரி பையைக் கீழே வைத்தாள்.

"வாய் இல்லன்னு எழுதிருக்கீங்க. நெசமாவே இல்லியா, இல்ல எழுதும்போது விட்டுட்டீங்களா?"

"நெசமாவே இல்லம்மா. அப்படித்தான் வரைஞ்சேன்."

அந்தப் பக்கம் சுவிட்ச்போர்டில் ஏதோ கிர்ரென்றது.

"கண்ணு இருந்துட்டுப் போவட்டும் அங்கிள், அது யாருக்கு வேணா இருக்கும். ஆனா வாயில்லாத பொண்ண எப்படி என் கார்டுல போடுறது? காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நான் பேசித்தான் சம்பளம் வாங்குறேன். அவரும் இந்தக் கொரலக் கேட்டுத்தானே கட்டிக்கிறாரு. எனக்கு இந்தப் படம்தான் வேணும், ஒரு வாய் மட்டும் போட்டுத் தாங்க."

அம்மாக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, நானும் பார்க்கவில்லை. ரிசீவரை அவளிடம் நீட்டினேன்.

"என்னாடி, வாய் கேட்டியாமே," என்றாள். "இருக்குற வாய் பத்தாதா ஒனக்கு?"

மூலப்படத்தை எடுத்து, மெல்லிய தூரிகையில் கறுப்பு மை தொட்டு, நானே போட்டேன். நம்பர் பிளேட் எழுதிய கை அது, கோடு பிசகாது. ஆனால் அன்றைக்கு ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் வைத்தேன். இரண்டு கோடு. படம் கெட்டுவிடும் என்று நினைத்திருந்தேன், கெடவில்லை. அச்சுக்குப் பிலிம் எடுக்கும் முன் புதுப் படத்துக்கும் விளக்கம் எழுதி அனுப்பினோம், ஏனென்றால் இது ஆல்பத்தில் இருந்த பழைய படம் இல்லை. வாய் வரையப்பட்டிருக்கிறது, சிவப்பு இல்லை, கறுப்பு என்று எழுதினோம்.

சாயங்காலமே கூப்பிட்டாள்.

"மூடிருக்கா, தெறந்திருக்கா?"

போட்டவன் நான், ஆனாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மனசிலிருந்து சொல்லக்கூடாது.

"கொஞ்சமா தெறந்திருக்கும்மா. மேல் கோடும் கீழ் கோடும் ஒட்டல."

"சிரிக்குதா?"

"அது தெரியாதும்மா. தெறந்திருக்கு, அவ்வளவுதான் காகிதத்துல இருக்கு."

"சரி அங்கிள்," என்றாள். "அடிச்சிருங்க."