வேறு பெட்டியில் வந்த குளிசை

எழுதுவதற்கு நான் யார் என்று எனக்கே தெரியாது. சாதாரணதரப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் முடிந்தது. நாலு பேர் நின்றால் சலாம் சொல்லவும் எனக்குக் கூச்சம். வாசிப்பவர்கள் பிழை பொறுக்கவேண்டும். இது மனதில் கிடந்து உறுத்துவதால் எழுதுகிறேன்.

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் பதினேழு வருடமாக நிற்கிறேன். மருந்தாளர் என்னை விட மூத்தவர், படித்தவர். குளிசை மாத்திரைகளை எடுத்துவைப்பது, உறையில் எழுதுவது என் வேலை. அவர் பார்க்காமல் ஒன்றும் கடையை விட்டுப் போகாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் மருந்தாளரும் மற்ற ஆண்களும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். கடைகளின் தகரக் கதவுகள் இறங்கிவிடும். எங்கள் கதவைப் பாதி இறக்கிவிட்டு நான் உள்ளே இருப்பேன். பகல் ஒரு மணிக்கு அந்தத் தெருவில் ஆளே இல்லாமல் வெயில் மட்டும் கிடப்பதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கதவுக்குக் கீழே நாலு கால்கள் வந்து நின்றன. குனிந்து உள்ளே வந்தது அக்கா தங்கை இரண்டு பேர். மூத்தவள் சவூதியில் வீட்டு வேலை செய்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பியவளாம். தங்கை ஒரு மருந்துப் பெட்டியை மேசையில் வைத்தாள்.

“மாமி, இது அங்கத்தய மருந்து. மூணு குளிசைதான் மிச்சம். இங்க இதுக்கு என்ன பேர்?”

இப்படி வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். அந்தப் பெயரை இங்கே தேடி அலைவதில் பிரயோசனமில்லை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் பார்க்கவேண்டும். அரபுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்திலும் இருக்கும். பார்த்தேன். மெட்போர்மின், ஐந்நூறு. நீரிழிவு என்கிற சீனி வருத்தத்துக்கு இந்த ஊரில் பாதிப் பேர் போடுகிற மருந்து. ராக்கையைப் பார்க்காமலே என் கை அதை எடுத்துவிடும். எடுத்தும்விட்டேன்.

“எத்தின நேரம் போடுறவ?”

“காலையும் ராவும்.”

உறையில் அப்படியே எழுதினேன். மருந்தாளர் வந்து பார்த்ததும் கொண்டுபோகலாம் என்றேன்.

மூத்தவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடி அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சாம்பிராணி பிடிக்கிறீங்களா மாமி?” என்றாள்.

கடையில் மருந்து வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

“மணக்குதே. உங்களுக்குப் பின்னால ஒரு பிள்ள நிக்கிது.”

அதை அவள் பயத்தோடு சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு நடுங்கியிருக்காது. மழை வரப்போகிறது என்பதுபோல் சொன்னாள். நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

“குளிசை போட்டா தூரத்த நிக்கிது. நேத்து ஒரு நேரம் விட்டுட்டன். கிட்ட வந்திட்டு.”

அதோடு பேச்சு நின்றது. கண் திறந்தபடி இருந்தது, பார்வை இல்லை. உதடு எதையோ சுவைப்பதுபோல் அசைந்தது. வலது கை விரல்கள் அபாயாவின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தன, துணியில் ஒட்டிய நூலைப் பொறுக்குவதுபோல. தங்கை அவளைக் கதிரையில் மெதுவாகச் சாய்த்தாள்.

“பயப்படாதீங்க மாமி, ரெண்டு நிமிசத்துல வந்திருவா. உம்மாக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. கண்டா ஓதிப் பாக்கிற ஆளிட்ட இழுத்திட்டுப் போவா. குளிசையையும் நிப்பாட்டச் சொல்லிட்டா. ஜின்னுக்கு ஆரு மருந்து குடுப்பாங்க எண்டு கேக்கிறா.”

வெளியே ஒரு சத்தமும் இல்லை. தூரத்தில் பள்ளி ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் மட்டும் கேட்டது. அந்த விரல்கள் துணியில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. என் பிடரியில் யாரோ மூச்சு விடுகிறமாதிரி இருந்தது.

பயத்தை மறைக்க ஏதாவது கதைக்கவேண்டும் என்றுதான் கேட்டேன். “இவக்குச் சீனி எத்தின வருசமா?”

“சீனியா? ராத்தாக்குச் சீனி இல்லயே.”

கையில் இருந்த உறையைப் பார்த்தேன். என் எழுத்து. காலை ஒன்று, இரவு ஒன்று.

பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த குளிசை அட்டையை, நாங்கள் காட் என்பதை, வெளியே எடுத்தேன். பத்துக் குளிசைக் காட். ஏழு இடம் வெறுமை. வெள்ளித் தாளில் இருந்த பெயர் பெட்டியில் இருந்த பெயர் இல்லை. வேறு பெயர், இருநூறு என்ற இலக்கம், பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்து. மருந்தின் சொந்தப் பெயர் இருக்கவேண்டிய ஓரம் கத்தரித்துக் கிடந்தது.

“பெட்டி எங்கயிருந்து?”

“அங்க வேல செஞ்ச வீட்டு மேடத்துட தாய்ட பெட்டி. சாமான் நிறை கூடிப்போச்சு எண்டு ராத்தா எல்லாப் பெட்டியையும் எறிஞ்சிட்டு, காட் எல்லாத்தையும் இதுக்குள்ள அடுக்கிக்கொண்டு வந்தவ.”

விமான நிலையத்தில் தராசு முள்ளுக்குப் பயந்து நம் பிள்ளைகள் செய்கிற வேலை. எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தும் பெட்டியைத் திறக்காமல் எழுதியிருக்கிறேன்.

மூத்தவள் கண் சிமிட்டினாள். என்ன ஏது என்று தெரியாமல் எங்களைப் பார்த்தாள். “முடிஞ்சா? போவமா?” என்றாள். பிள்ளையைப் பற்றி அவள் மறுபடி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மருந்தாளர் தொப்பியோடு குனிந்து வந்தார். என் முகத்தைக் கண்டு, “என்ன தங்கச்சி, ஆரும் மௌத்தாப் போயிட்டாங்களா?” என்றார். நான் காட்டையும் பெட்டியையும் சேர்த்து நீட்டினேன். உறையையும் நீட்டினேன். அதை ஒளிக்க நினைத்தது உண்மை.

அவர் உறையை வாசித்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தொலைபேசியில் காட்டில் இருந்த பெயரைத் தட்டினார். “பேர மட்டும் தட்டினா இன்னொரு நாட்டுல அதே பேருல வேற மருந்து விப்பான். நாட்டுட பேரையும் போடணும்” என்று எனக்குக் கேட்கச் சொன்னார். சவூதியின் மருந்துப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. அதற்கு நேரே கார்பமாசெபைன், இருநூறு மில்லிகிராம், மெதுவாகக் கரைகிற வகை. படத்தில் இருந்த குளிசையின் நிறத்தையும் நடுக்கோட்டையும் கையில் இருந்ததோடு வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

“வலிப்புக் குளிசை” என்றார்.

“ராத்தா விழுறல்லயே, நுரை தள்ளுறல்லயே” என்றாள் தங்கை.

“விழாத வலிப்பும் இரிக்கி மகள். மணம் வாறதும் ஆள் நிக்கிறமாதிரித் தெரியிறதும் அதுலயும் வரும். டொக்டர் பாக்கட்டும். இந்த மருந்து நம்மட நாட்டுலயும் இரிக்கி, வேற கம்பனிப் பேருல. ஆனா சாதாரணக் குளிசையும் மெதுவாக் கரையிறதும் ஒண்டில்ல. நானா மாத்தித் தரமாட்டன். டொக்டர் மருந்துத் துண்டு எழுதணும். இருக்கிற மூணையும் நேரத்துக்குப் போடுங்க. ஒரு நேரமும் விடாதீங்க. சட்டெண்டு நிப்பாட்டினா ஆபத்து.”

“உம்மா?”

“உம்மா தண்ணி ஓதிக் குடுக்கட்டும். அந்தத் தண்ணியிலயே குளிசையைக் குடிக்கச் சொல்லு.”

தங்கை முதல்முறை சிரித்தாள். மருந்தாளர் ஒரு கடதாசியில் மருந்தின் பெயர், அளவு, வகை மூன்றையும் எழுதி, காட்டை அதில் வைத்து ஒட்டிக்கொடுத்தார். பெட்டியை என்னிடம் தந்து கிழிக்கச் சொன்னார். கிழித்தேன்.

அவர்கள் போனபின் அவர் சாப்பிட உள்ளே போனார். நான் அந்த அலுமாரிக்கு முதுகு காட்டி நிற்காமல் பின்னேரம் வரை சுவரோரமாகவே நின்றேன். வலிப்பு என்று விளங்கியபின்னும் அப்படித்தான் நின்றேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை டொக்டர் கார்பமாசெபைன் மெதுவாகக் கரைகிற வகையே எழுதிக்கொடுத்தார். தங்கை பதினொரு மணிக்கு வந்து ஒரு மாதத்துக்கு எடுத்துப்போனாள். மருந்தாளர் சரிபார்த்தார். உறையை நான் எழுதினேன்.