போகாத எச்சரிக்கை

பெரம்பலூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. நாங்கள் நாலு பேர். அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுத்தோம். அதில் ஒன்று வெடி அறிவிப்பு. குவாரியில் வெடி வைப்பதற்கு அரைமணி நேரம் முன்பு, சுற்றியுள்ள ஊர்க்காரர்களின் போனுக்குச் செய்தி போகும். சைரனும் ஊதுவார்கள்; காற்று எதிர்த்து அடித்தால் அது காட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கேட்காது.

இந்த மென்பொருள் குபெர்னெடிஸ் என்ற சர்வர் அமைப்பில், குவாரிக்கு ஒன்றாகத் தனித்தனியே ஓடியது. அதில் ஏற்றும் கருவி ஹெல்ம்; எல்லாவற்றுக்கும் ஹெல்ம் சார்ட் ஒன்றுதான். சார்ட் அச்சு மாதிரி. எது எங்கே எப்படி ஓட வேண்டும் என்பதை வேல்யூஸ் ஃபைல் சொல்லும். டெஸ்டுக்கு ஒன்று, குவாரி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. சார்ட்டுக்குள்ளேயே இருக்கும் பொது ஃபைலில் செய்தி அனுப்பும் முறை ‘ஒத்திகை’ என்று இருந்தது. அதில் யாருக்கும் செய்தி போகாது. போனதாகப் பதிவு மட்டும் ஆகும். குவாரிகளின் ஃபைல்தான் அதை ‘நிஜம்’ என்று மாற்றும்.

ஒரு திங்கட்கிழமை ஒரு குவாரிக்குப் புதுப் பதிப்பு ஏற்ற வேண்டியிருந்தது. எங்கள் டீம் லீடு சார் எப்போதோ சொல்லிக் கொடுத்த குறுக்குவழி ஒன்று உண்டு. பதிப்பு எண்ணை மட்டும் கட்டளையிலேயே கொடுத்தால் போதும், குவாரியின் ஃபைலை மறுபடி கொடுக்க வேண்டாம், பழையது அப்படியே இருக்கும் என்பார். அப்படியே செய்தேன். வெற்றி என்று வந்தது. திரை முழுக்கப் பச்சை.

வியாழக்கிழமை மத்தியானம் சித்தி போன் பண்ணினாள். அவள் வீடு அந்தக் குவாரியிலிருந்து நடக்கிற தூரத்தில். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவள், நடுவில், சித்தப்பா ஆட்டை ஓட்டிக்கொண்டு குவாரிப் பள்ளத்து ஓரம் போயிருப்பதாகச் சொன்னாள்.

“இன்னிக்கு வெடி உண்டே சித்தி. மெசேஜ் வரலியா?”

“வரலியே. அதான் வெடி இல்லன்னு போயிட்டாரு.”

மணி பன்னிரண்டே முக்கால். வெடி ஒரு மணிக்கு. பன்னிரண்டரைக்கே எல்லோருக்கும் செய்தி அனுப்பப்பட்டது என்று எங்கள் பதிவு சொன்னது.

அந்தக் குவாரிக்கு நாங்கள் கொடுத்த மதிப்புகள் என்னென்ன என்று ஹெல்மிடம் கேட்டேன். பதில் ஒரே வரி. பதிப்பு எண் மட்டும். ‘நிஜம்’ இல்லை. புதிதாக ஒரு மதிப்பைக் கொடுத்த உடனே, முன்பு கொடுத்ததையெல்லாம் உதறிவிட்டுச் சார்ட்டின் பொது ஃபைலுக்குப் போயிருந்தது.

பழைய நிலைக்குத் திருப்பலாம். ஆனால் அன்றைய செய்தி போய்விட்டதாகவே பதிவாகியிருந்ததால் மறுபடி போகாது. குவாரியில் வெடி பொறுப்பாளருக்குப் போன் போட்டேன். மூன்றாவது முறைதான் எடுத்தார்.

“சார், ஊருக்கு மெசேஜ் போகல. வெடிய நிறுத்துங்க. பள்ளத்து ஓரம் ஆள் இருக்காங்க.”

“மருந்து நிரப்பியாச்சேம்மா” என்றார். “ஆள அனுப்பிப் பாக்கச் சொல்றேன். போன வைங்க.”

நான் திருப்பும் கட்டளையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். மணி ஒன்றைத் தாண்டியது. சித்தப்பா போன் அடித்துக்கொண்டே இருந்தது; எடுக்கவில்லை. ஒன்றரைக்குப் பொறுப்பாளரே கூப்பிட்டார். நாலு பேரையும் ஒரு மந்தை ஆட்டையும் அப்புறப்படுத்திவிட்டுத்தான் வெடித்தார்களாம். சித்தப்பா அந்த நாலு பேரில் ஒருவர்.

அழுகை வரவில்லை. செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது. நான் பதிப்பு ஏற்றிய மறுநாள்; அன்றும் அங்கே வெடி வைத்தார்கள், செய்தி போயிருக்காது. அன்று ஓரத்தில் யார் இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

லீடு சாரிடம் போய், நான்தான் செய்தேன் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்து, மற்ற குவாரிகளின் மதிப்புகளை ஒவ்வொன்றாக ஹெல்மிடம் கேட்கத் தொடங்கினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். மூன்றாவதிலும் அதே ஒற்றை வரி. எப்போது மாறியது என்று வரலாற்றைத் திறந்தார். இரண்டு மாதம் முன்பு. அவர் கையால் ஏற்றியது.

“ரெண்டு மாசமா யாரும் கேக்கலியே” என்றார், என்னைப் பார்க்காமல்.

அன்று சாயங்காலமே பொது ஃபைலிலிருந்து அந்த ‘ஒத்திகை’யை எடுத்துவிட்டோம். முறையைக் கொடுக்காவிட்டால் சார்ட் ஏறவே ஏறாது, பிழை காட்டி நின்றுவிடும்படி டெம்ப்ளேட்டை மாற்றினோம். குவாரி நிர்வாகங்களுக்கு உண்மையை எழுதி அனுப்பினோம். சித்தி ஊர்க் குவாரியிலிருந்து, கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. மூன்றாவது குவாரியின் மேனேஜர் மட்டும், அந்த இரண்டு மாதத்தின் வெடித் தேதிகளை வரிசையாக அனுப்பச் சொன்னார். அந்த நாட்களில் ஊரில் யாருக்காவது அடிபட்டதா என்று பார்க்க வேண்டுமாம். பட்டியலை நான்தான் தட்டச்சு செய்து அனுப்பினேன்.